மிளகாய் இலையின் அடிப்பக்கம்: கைவில்லையா, மஞ்சள் அட்டையா, கிழமைக்கு ஒரு மருந்தா?

மழை விட்டு, தை மாதத்தில் மிளகாய்க் கன்று நட்டாகிவிட்டது. மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எல்லோருக்கும் ஒரே கவலை: இலை சுருளப்போகிறது. உரும்பிராயிலும் கோண்டாவிலிலும் புத்தூரிலும் செம்மண்ணில் மிளகாய் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுருண்ட பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி ஊரில் நிறையப் பேச்சு உண்டு. சுருளுவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. சுருளும்வரை பார்த்திருந்து பிறகு மருந்து அடிப்பது ஒன்று. எது வந்தாலும் வராவிட்டாலும் கிழமைக்கு ஒருமுறை மருந்து அடித்துவிடுவது இன்னொன்று. மஞ்சள் ஒட்டட்டைகளைத் தோட்டத்தில் நட்டு, எது ஒட்டுகிறது என்று பார்ப்பது மூன்றாவது. கிழமைக்கு ஒருமுறை கைவில்லையை எடுத்துக்கொண்டு போய் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது நான்காவது. நான் நான்காவதன் பக்கம். ஆனால் அது எல்லாத் தோட்டத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது. எங்கே பொருந்தும், எங்கே தவறும் என்று பார்ப்போம்.

சுருள் ஒன்று, காரணம் மூன்று

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். மிளகாய் இலை சுருள்வதற்குப் பின்னால் பெரும்பாலும் மூன்று உயிர்களில் ஒன்று இருக்கும்.

முதலாவது பனிப்பூச்சி. சிலர் இலைப்பேன் என்பார்கள். ஒரு மில்லிமீற்றர் நீளம், வெளிர் மஞ்சள் நிறம், ஒடுங்கிய உடல். இது இளம் இலையைச் சுரண்டிச் சாற்றைக் குடிக்கிறது. இலையின் இரண்டு ஓரமும் மேல்நோக்கி மடிந்து தோணி போல ஆகிவிடும். அடிப்பக்கத்தில் நரம்பை ஒட்டி வெள்ளி நிறமாகவோ பழுப்பாகவோ தழும்பு தெரியும்.

இரண்டாவது சிற்றுண்ணி. மிளகாயில் அதிகம் கெடுதல் செய்வது குருத்திலேயே குடியிருக்கும் மிகச் சின்ன வகை. வளர்ந்த பெண் உண்ணியே 0.2 மில்லிமீற்றர் அளவுதான். வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இது தாக்கினால் இலை கீழ்நோக்கிக் கவிழும், ஒடுங்கும், காம்பு நீளும், அடிப்பக்கம் வெண்கல நிறமாக மினுங்கும்.

மூன்றாவது வெள்ளை ஈ. இது சாறு குடிப்பதால் வரும் கெடுதலைவிட, இலைச்சுருள் வைரசை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதால் வரும் கெடுதல்தான் பெரிது. வைரஸ் வந்த செடியின் இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, செடி குட்டையாகிப்போகும்.

தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுதான். "இலை சுருளுது" என்று கடையில் போய்ச் சொன்னால், கடைக்காரர் எதற்கென்று மருந்து கொடுப்பார்? பனிப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை சிற்றுண்ணியைத் தொடாது. சிற்றுண்ணி பூச்சியே அல்ல, எட்டுக்கால் உள்ள சிலந்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. வைரசுக்கோ மருந்தே கிடையாது. அதனால் "எந்த மருந்து?" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த உயிர்?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. நான்கு வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே அளந்து பார்க்கிறேன்.

பார்த்திருந்து அடிப்பது

இதற்குச் செலவு இல்லை, வேலையும் இல்லை. பிரச்சினை காலத்தில் இருக்கிறது. குருத்துக்குள் சிற்றுண்ணி கடித்த இலை விரிந்து பெரிதாகும்போதுதான் கவிழ்வது நம் கண்ணில் படும். அதற்குள் சில நாட்கள் போய்விடும். வெப்பமான காலத்தில் இந்த உண்ணி முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஐந்து முதல் ஏழு நாட்களே எடுக்கும். நாம் ஒரு செடியில் சுருளைக் காணும்போது பக்கத்துச் செடிகளில் அடுத்த தலைமுறை நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு கெடுதல் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கெட்டுப்போன இலை திரும்ப நிமிராது. உண்ணி முழுவதும் செத்த பிறகும் கிழமைக்கணக்கில் அந்த இலை அப்படியே கவிழ்ந்து கிடக்கும். கண்ணால் மட்டும் பார்க்கிறவர் "மருந்து வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டி இன்னொன்றை அடிப்பார், பிறகு இன்னொன்றை. வராத பூச்சிக்கு மருந்து அடிப்பது தெரிந்த தவறு. செத்துப்போன பூச்சிக்கு மருந்து அடிப்பது அதைவிட அதிகமாக நடக்கிறது.

கிழமைக்கு ஒரு மருந்து

இதைச் செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கடன் வாங்கித் தோட்டம் செய்கிறவருக்கு ஒரு போகம் தவறினால் என்ன ஆகும் என்பது தெரியும். காப்புறுதி மாதிரி நினைத்துத்தான் அடிக்கிறார்கள். ஆனால் மிளகாயில் அந்தக் காப்புறுதி நேர்மாறாகத் திரும்பக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது.

இலையின் அடியில் கெடுதல் செய்கிற உண்ணிகளோடு, அவற்றைத் தின்கிற உண்ணிகளும் வாழ்கின்றன. பலவகைப் பூச்சிகளையும் ஒரேயடியாகக் கொல்லும் மருந்துகள், குறிப்பாகப் பைரித்திராய்ட் வகை, இந்த நல்ல உண்ணிகளைக் கொன்றுவிடும். கெட்ட உண்ணிகளில் பெரும்பகுதி தப்பிவிடும். தின்ன ஆள் இல்லாத இடத்தில் அவை பெருகும். அடிக்கடி மருந்து அடித்த தோட்டத்தில் திடீரென்று சிற்றுண்ணி பெருகுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கணக்கும் பாருங்கள். கிழமைக்கு ஒன்று என்றால் ஐந்து மாதத்தில் ஏறத்தாழ இருபது தடவை. பழம் பிடுங்கத் தொடங்கிய பிறகு, மருந்து அடித்த நாளுக்கும் பிடுங்கும் நாளுக்கும் இடையில் லேபலில் போட்ட இடைவெளியை விடவேண்டும். கிழமைதோறும் பிடுங்குகிறவர் கிழமைதோறும் அடித்தால் அந்த இடைவெளியை எங்கே விடுவது? ஒரே கூட்டத்து மருந்தைத் திரும்பத்திரும்ப அடித்தால் வெள்ளை ஈயும் பனிப்பூச்சியும் அதற்குப் பழகிவிடும் என்பதும் உண்டு.

மஞ்சள் அட்டை

மஞ்சள் ஒட்டட்டை நல்ல கருவி. வெள்ளை ஈ, சிறகு முளைத்த அழுக்கணவன், ஓரளவு பனிப்பூச்சி எல்லாம் மஞ்சள் நிறத்துக்கு வந்து ஒட்டும். செடியின் உச்சி உயரத்தில் கட்டி, செடி வளர வளர உயர்த்திக்கொண்டு போனால், தோட்டத்துக்குள் வெள்ளை ஈ வரத் தொடங்கிய கிழமையைக் கண்டுகொள்ளலாம். பல நேரங்களில் இலையைப் பார்ப்பதைவிட இது முன்பே சொல்லிவிடும். நாற்றுமேடைக்கும், நட்டு முதல் ஒன்றரை மாதத்துக்கும் நான் இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்வேன்.

ஆனால் அட்டையில் ஒட்டுவது பறக்கிறவை மட்டுமே. சிற்றுண்ணிக்குச் சிறகு இல்லை. தோட்டம் முழுவதும் உண்ணி பிடித்திருந்தாலும் அட்டை சுத்தமாக இருக்கும். வெள்ளை ஈயின் குஞ்சுகளும் இலையில் ஒட்டியபடியே வளர்வதால் அட்டைக்கு வராது. வந்த பூச்சி பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஒட்டியதா, நம் செடியில் முட்டையிட்டுக் குடியேறிவிட்டதா என்பதையும் அட்டை சொல்லாது. எந்தப் பாத்தியில் என்றும் சொல்லாது. இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு: சோழகக் காற்று எழும்பினால் செம்மண் தூசி அட்டையில் படிந்து சில நாட்களிலேயே ஒட்டும் தன்மை போய்விடும். அந்தத் தூசியும் வரட்சியும் உண்ணிக்குப் பிடித்த காலம். அட்டை வலுவிழக்கும் மாதங்களில்தான் உண்ணி வலுக்கிறது.

கைவில்லை: எதை வாங்குவது

சரி, இப்போது இலைக்கு வருவோம். வில்லையிலேயே மூன்று தெரிவுகள் இருக்கின்றன.

பேப்பர் வாசிக்கும் பெரிய பூதக்கண்ணாடி இரண்டு, மூன்று மடங்குதான் பெருப்பிக்கும். வெள்ளை ஈயும் பனிப்பூச்சியும் இதில் தெரியும். 0.2 மில்லிமீற்றர் உண்ணி 0.6 மில்லிமீற்றர் ஆகத் தெரிந்தால் அது தூசியா உயிரா என்று சொல்ல முடியாது. மிளகாய்க்கு இது போதாது.

பத்தர்மார் கண்ணில் வைத்துப் பார்க்கிற, மடக்கக்கூடிய 10 மடங்கு வில்லைதான் அடிப்படைக் கருவி. கஸ்தூரியார் வீதிப் பக்கம் நகைவேலைச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். இதில் அந்த உண்ணி 2 மில்லிமீற்றர் அளவில் தெரியும். அது அசைவதும் தெரியும். அசைவுதான் தூசியையும் உயிரையும் பிரித்துக் காட்டும். முட்டை இன்னும் சின்னது, 0.1 மில்லிமீற்றருக்கும் குறைவு. 10 மடங்கில் அது கண்ணாடித் துளி மாதிரி ஒரு புள்ளியாகத்தான் தெரியும். 20 மடங்கில் பார்த்தால் அதன் மேல் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருப்பது தெரியும். அந்தப் புள்ளி வரிசை இந்த உண்ணிக்கே உரியது. வேறு எதுவாக இருக்குமோ என்ற சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும்.

அப்படியென்றால் 20 மடங்கையே வாங்கலாமே என்று கேட்கலாம். மடங்கு கூடக்கூட வில்லைக்கும் இலைக்கும் இடையிலான தூரம் குறையும். 10 மடங்கில் இரண்டரை சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிக்கலாம். 20 மடங்கில் ஒன்றேகால் சென்ரிமீற்றர்தான். இலையின் மிகச் சிறிய வட்டம்தான் தெரியும், வெளிச்சமும் குறையும், கை கொஞ்சம் ஆடினாலே காட்சி போய்விடும். ஒரு தோட்டத்தையே அதில் தேட முடியாது. தேடுவதற்கு 10, சந்தேகம் தீர்ப்பதற்கு 20. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 10.

கைத்தொலைபேசியில் கொளுவும் வில்லையும் இருக்கிறது. படம் எடுத்து விவசாயப் போதனாசிரியருக்குக் காட்டுவதற்கு அது அருமையானது. கண் மங்கிய பெரியவர்களுக்கும் திரையில் பார்ப்பது சுகம். ஆனால் காற்றில் ஆடும் இலையைத் தொலைபேசியால் குவித்துப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். இலையைக் கிள்ளி நிழலில் கொண்டுவந்து பார்ப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

வில்லையைப் பிடிக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். வில்லையை இலைக்குக் கிட்டப் பிடித்து, தலையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். வில்லையைக் கண்ணோடு ஒட்ட வைக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதோடேயே வைக்கலாம். பிறகு மற்றக் கையால் இலையை வில்லையை நோக்கி மெல்லக் கொண்டுவர வேண்டும். தெளிவாகத் தெரிகிற இடம் தானாக வரும். வெயில் இலையின் அடிப்பக்கத்தில் விழும்படி நின்றுகொள்ளுங்கள்.

எந்த இலை, எத்தனை செடி

காலை எட்டு மணிக்கு முன் போவது நல்லது. அந்நேரம் வெள்ளை ஈ மந்தமாக இருக்கும், இலையைத் திருப்பினாலும் உடனே பறக்காது. ஒரு செடியில் மூன்று இலைகள் போதும், ஆனால் மூன்றும் மூன்று உயரத்தில் இருக்க வேண்டும். உச்சிக் குருத்தில் இன்னும் முழுதாக விரியாத இலை ஒன்று. அங்கே சிற்றுண்ணியும் பனிப்பூச்சியும் இருக்கும். அதற்குக் கீழே நன்றாக விரிந்த இளம் இலை ஒன்று. வளர்ந்த வெள்ளை ஈ முட்டையிட வருவது அதற்கு. செடியின் நடுவுக்குக் கீழே முற்றிய இலை ஒன்று. வெள்ளை ஈயின் குஞ்சுகள் செதில் மாதிரி ஒட்டியிருப்பது அதில்தான். முட்டையிட்ட இலை செடி வளர வளரக் கீழே போய்விடுவதே இதற்குக் காரணம். குருத்தை மட்டும் பார்க்கிறவர் வெள்ளை ஈயின் குஞ்சுகளைக் காணமாட்டார். அடி இலையை மட்டும் பார்க்கிறவர் உண்ணியைக் காணமாட்டார்.

பனிப்பூச்சியின் முட்டை இலைத் தசைக்குள் செருகப்பட்டிருக்கும். எந்த வில்லையிலும் அது தெரியாது. கூட்டுப்புழுப் பருவத்தையும் பெரும்பாலும் அது மண்ணிலும் சருகிலும் கழிக்கிறது. அதனால் ஒரு கிழமை இலை சுத்தம் என்பது பனிப்பூச்சியே இல்லை என்பதற்கு உறுதி அல்ல. குருத்தையும் பூவையும் ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடித் திரிகிற மஞ்சள் கீற்றுகள் தாளில் தெரியும்.

இனி எத்தனை செடி என்பது. வீட்டு வளவில் இருபது செடி வைத்தவர் இருபதையும் பார்த்துவிடலாம். அவருக்கு நான்கு வழிகளை ஒப்பிடும் தேவையே இல்லை, வில்லைதான். இரண்டு பரப்பு வைத்தவரின் நிலை வேறு. ஒரு பரப்பு ஏறத்தாழ 250 சதுரமீற்றர். 60 சென்ரிமீற்றருக்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால், வாய்க்கால் வரம்பு போக இரண்டு பரப்பில் 1600 குழி வரும். அதில் 20 செடியைப் பார்த்தால் என்ன தெரியும்?

நேர்மையாகச் சொன்னால், மிக ஆரம்பத்தில் அதிகம் தெரியாது. நூற்றில் ஒரு செடியில் மட்டும் பூச்சி இருக்கும்போது, கண்ட கண்ட இடத்தில் 20 செடி பார்த்தால் அதில் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 18 வீதம்தான். நூற்றில் ஐந்து என்றால் 64 வீதம். நூற்றில் பத்து என்றால் 88 வீதம். அதாவது பத்தில் ஒரு செடிக்குப் பரவிய கட்டத்தில் ஏறத்தாழ நிச்சயமாகப் பிடிக்கலாம், அதற்கு முன் அதிர்ஷ்டமும் வேண்டும்.

அந்த அதிர்ஷ்டத்தை நம் பக்கம் இழுக்க ஒரு வழி உண்டு. பூச்சி தோட்டத்துக்குள் சமமாகத் தூவிவிட்டது போல வருவதில்லை. காற்று வரும் பக்கத்து ஓரத்தில், பழைய கத்தரி அல்லது பப்பாசி நிற்கும் பக்கத்தில், ஆட்கள் நடந்து வரும் வாசலில், தூசி அதிகம் படியும் ஒழுங்கைக் கரையில்தான் முதலில் இறங்கும். 20 செடியில் 12ஐ அந்த ஓரங்களில் பாருங்கள். மிச்சம் எட்டை உள்ளே வளைந்து வளைந்து நடந்து பாருங்கள். போன கிழமை பார்த்த செடியையே திரும்பப் பார்க்க வேண்டாம், சந்தேகப்பட்டுக் குச்சி நட்ட செடியைத் தவிர. பூச்சி கண்ட பாத்திக்குக் கடைசியாகப் போங்கள், ஏனென்றால் உண்ணி உடுப்பிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும். செடிக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு தோட்டத்தில் நடந்தது

என் மாமா ஒருவர் உரும்பிராய்ப் பக்கம் இரண்டு பரப்பில் மிளகாய் வைத்திருந்தார். பங்குனி நடுப்பகுதியில் கூப்பிட்டார்.

"தம்பி, கத்தரிப் பக்கம் நிக்கிற கன்று கொஞ்சம் இலை கவிழுது. வெள்ளை ஈக்கு அடிக்கிற மருந்து வீட்டில கிடக்கு. தோட்டம் முழுக்க அடிச்சு விடட்டோ?"

"பொறுங்கோ மாமா, முதல்ல இலையைத் திருப்பிப் பாப்பம்."

அடுத்த நாள் காலை 20 செடி பார்த்தோம். வெள்ளை ஈ அங்கொன்று இங்கொன்றாக இருந்தது, குஞ்சுகள் இல்லை. தாளில் தட்டியபோது பனிப்பூச்சி விழவில்லை. கத்தரி ஓரத்தில் பார்த்த செடிகளில் நான்கின் குருத்து இலையடியில் உண்ணியும் புள்ளி வைத்த முட்டையும் இருந்தன. அந்த நான்கில் இரண்டில் இலை இன்னும் கவிழவே இல்லை. வெறுங்கண்ணுக்கு அவை நல்ல செடிகள். உள்பாத்திகளில் எதுவும் இல்லை.

வீட்டில் கிடந்த மருந்து இதற்கு உதவாது என்பது அந்த இடத்திலேயே தீர்ந்தது. கத்தரி ஓரத்து மூன்று பாத்திகளில் மோசமான குருத்துகளைக் கிள்ளி, பையில் கட்டி, வெளியே கொண்டுபோனோம். தரையில் போட்டால் உண்ணி திரும்ப ஏறும். அந்த மூன்று பாத்திக்கும் அவற்றை அடுத்த ஒரு பாத்திக்கும் மட்டும் நனையும் கந்தகத்தை லேபலில் சொன்ன அளவில் கலந்து, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு, தெளிகருவியின் வாயை மேல்நோக்கித் திருப்பி இலையடி நனைய அடித்தார். கந்தகத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெப்பம் 32 பாகைக்கு மேல் போகும் வேளையில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ அடித்து இரண்டு கிழமைக்குள் அடிக்கக்கூடாது, இலை கருகும். மாமா முந்திய மாதம் முழுவதும் எண்ணெய் அடிக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் கந்தகத்துக்குப் போனோம்.

நாலு நாள் கழித்துக் குருத்தை மட்டும் பார்த்தோம். ஒரு கிழமை காத்திருக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் மிச்ச முட்டைகள் பொரித்து வளர்ந்து மறுபடி முட்டையிட்டுவிடும். இரண்டு செடியில் உயிருள்ள உண்ணி இருந்தது. முதல் தெளிப்பிலிருந்து ஏழாம் நாள் அதே நான்கு பாத்திக்கு இன்னொரு முறை அடித்தார். அதற்கடுத்த கிழமைப் பார்வையில் உண்ணி இல்லை. வேகமாக ஓடுகிற, மினுங்கலான, துளி வடிவ உண்ணி ஒன்றிரண்டு கண்டோம். அவை மற்ற உண்ணிகளைத் தின்பவை. கெடுதல் செய்கிற உண்ணி அந்த வேகத்தில் ஓடாது.

அப்போது மாமாவுக்கு ஒரு மனக்குறை. "இலை இன்னும் கவிழ்ந்துதானே நிக்குது, தம்பி?" கவிழ்ந்து நின்றவை பழைய இலைகள். அவற்றுக்கு மேலே புதிதாக வந்த இரண்டு இலைகளும் நிமிர்ந்து தட்டையாக இருந்தன. மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வேண்டியது புதிய இலையையும் அதன் அடியில் அசைவு உண்டா என்பதையும்தான். மூன்றாவது தெளிப்பு தேவைப்படவில்லை. உள்பாத்திகளில் ஒரு துளி மருந்தும் படவில்லை.

வில்லை உதவாத இடங்கள்

அழுக்கணவன் கொண்டுவரும் சில வைரசுகள் அது இலையில் குத்தி ருசி பார்க்கும் சில வினாடிகளிலேயே செடிக்குள் போய்விடும். ஒரு அழுக்கணவன் வந்து குத்திவிட்டுப் பறந்துபோயிருந்தால் இலையடியில் பார்க்க எதுவும் மிஞ்சாது. கிழமைக்கு ஒருமுறை பார்ப்பதும் தினமும் பார்ப்பதும் இதில் ஒன்றுதான்.

வெள்ளை ஈ விஷயத்திலும் எண்ணிக்கையை வைத்து ஆறுதல் அடைய முடியாது. பக்கத்தில் வைரஸ் பிடித்த தோட்டம் இருந்தால், செடிக்கு ஒரு ஈ கூடப் போதும். நட்டு ஒன்றரை மாதத்துக்குள் வைரஸ் வந்தால் அந்தச் செடியில் விளைச்சல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அந்த இளம் பருவத்துக்கு வில்லை மட்டும் போதாது. நாற்றுமேடைக்கு நுண்வலை, ஓரத்தில் மஞ்சள் அட்டை, சுருண்ட செடியை இரக்கம் பார்க்காமல் பிடுங்கிப் பையில் கட்டுவது ஆகியவை சேர வேண்டும். வெள்ளை ஈ முட்டையிலிருந்து வளர மூன்று கிழமை அளவு எடுப்பதால், குஞ்சுகளைக் கண்டுபிடிக்கக் கிழமைப் பார்வை தாராளம். பறந்து வரும் ஈயைத்தான் அது தடுக்காது.

மூன்று இலையும் பார்த்தும், தாளில் தட்டியும் ஒன்றும் இல்லை, ஆனாலும் இலை சுருண்டிருக்கிறது என்றால், வைரசையோ பக்கத்து வயலில் அடித்த களைகொல்லி காற்றில் வந்து பட்டதையோ நினைக்க வேண்டும். களைகொல்லி என்றால் காற்று வந்த பக்கத்தில் பல வகைச் செடிகளும் ஒரே நாட்களில் சுருண்டிருக்கும். இரண்டுக்குமே பூச்சி மருந்து வீண் செலவு.

யாருக்கு எது

வீட்டுத் தோட்டத்துக்கும் நாலு பரப்பு வரையான மிளகாய்க்கும் 10 மடங்கு வில்லையும் கிழமைப் பார்வையும் முதன்மை. மஞ்சள் அட்டை இளம் பருவத்துக்குத் துணை. பங்குனியிலிருந்து சோழகம் முடியும்வரை, கிழமை நடுவில் ஓரத்துச் செடிகளின் குருத்தை மட்டும் இன்னொரு முறை பாருங்கள், உண்ணியின் வேகத்துக்கு ஏழு நாள் சற்று நீளம். ஒரு ஏக்கருக்கு மேல் வைத்தவர் முழுத் தோட்டத்தையும் ஒரே ஆள் பார்க்க முடியும் என்று நினைக்கக்கூடாது. தோட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு 20 செடி என்று ஆட்களுக்குப் பகிர வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால், ஓரங்களை மட்டுமாவது வில்லையில் பார்த்து, உள்ளே அட்டையை நம்பலாம். நாட்காட்டி பார்த்து மருந்து அடிப்பதை எந்த அளவுத் தோட்டத்துக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

வில்லைக்கு மிக அதிக பலன் கிடைக்கும் இடம் ஒன்று தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சந்தையிலோ நாற்றுமேடையிலோ கன்று வாங்கும்போது, கட்டில் நாலைந்து கன்றை எடுத்து அடி இலையையும் குருத்தையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈக் குஞ்சோ உண்ணியோ ஒரு கன்றில் இருந்தாலும் அந்தக் கட்டையே வாங்க வேண்டாம். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வாங்கி நட்ட பிறகு அதே பூச்சியை 1600 செடிக்குள் தேட வேண்டியிருக்கும்.